பாசிட்டிவ் சீட்டும் பயாப்ஸி ரிப்போர்ட்டும்

சித்தி போன் செய்தபோது மதியம் இரண்டு மணி. சாப்பாட்டு நேரத்தில் யாரையும் தொந்தரவு செய்யாதவர். எடுத்தவுடன், "எனக்குக் கேன்சராம்ப்பா" என்றார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. வீட்டுக்குப் போகாமல் ஸ்டாப்பிலேயே நின்று பேசுகிறார் என்று புரிந்தது.

"யாரு சித்தி சொன்னது?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரில பொம்பளைங்களுக்கு டெஸ்ட் எடுத்தாங்க. கர்ப்பப்பை வாயில என்னமோ தடவிப் பார்த்துட்டு சீட்டு குடுத்தாங்க. பாசிட்டிவ்னு எழுதியிருக்கு. பெரியாஸ்பத்திரிக்குப் போகணுமாம்."

"சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க."

வந்த படத்தில் இரண்டே வரி. வி.ஐ.ஏ. பாசிட்டிவ். கால்போஸ்கோபிக்கு அனுப்பப்படுகிறார். கேன்சர் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. வரிசையில் சித்திக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்திருந்தவர்கள் சேர்த்துவிட்ட சொல் அது.

சித்தி திண்டுக்கல் மாவட்டத்துக்காரர். இந்தச் சோதனைக்கும் அந்த மாவட்டத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. உலகம் முழுக்க மருத்துவப் புத்தகங்களில் திண்டுக்கல் என்ற பெயர் அச்சாகியிருப்பது பூட்டுக்காகவும் பிரியாணிக்காகவும் இல்லை, இந்தச் சோதனைக்காகத்தான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த நர்ஸம்மா தடவியது என்ன என்பதைப் பார்ப்போம்.

தடவியது கிட்டத்தட்ட வினிகர். ஊறுகாய் ஜாடியிலும் சைனீஸ் ஹோட்டல் மேஜையிலும் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம்தான், தண்ணீரில் 3 முதல் 5 சதவீதம் வரை கலந்தது. கர்ப்பப்பை வாய் தெரியும்படி ஒரு கருவியைப் பொருத்தி, நல்ல வெள்ளை வெளிச்சம் காட்டி, பஞ்சில் நனைத்த இந்த அமிலத்தைப் பூசிவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். பிறகு வெறுங்கண்ணால் பார்ப்பார்கள். இளஞ்சிவப்பாக இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

ஏன் வெளுக்கிறது? அமிலம் பட்டால் செல்லுக்குள் இருக்கும் புரதம் கொஞ்ச நேரத்துக்கு உறைகிறது. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுப்பதை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வெளுப்பு சில நிமிடங்களில் கலைந்துவிடும். சாதாரண செல்லில் உறைவதற்குப் புரதம் குறைவு. அதனால் அடியில் ஓடும் ரத்த நாளங்களின் சிவப்பு மேலே தெரிந்துகொண்டே இருக்கும். வேகமாகப் பெருகும் செல்லில் உட்கரு பெரிது, புரதம் நிறைய. அது உறையும்போது வெளிச்சம் அடிவரை போகாமல் திரும்பிவிடுகிறது. பார்ப்பவருக்கு அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது.

புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் இருக்கும் செல்கள் வேகமாகப் பெருகுபவை, அதனால் வெளுக்கும். ஆனால் வேகமாகப் பெருகும் செல் எல்லாமே அந்த வகை கிடையாது. கர்ப்பப்பை வாயில் இரண்டு வகைத் தோல் சந்திக்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. வயதுக்கு வந்த நாளிலிருந்து மாதவிடாய் நிற்கும்வரை அந்தக் கோட்டில் பழைய தோல் போய்ப் புதுத் தோல் உருவாகிக்கொண்டே இருக்கும். அந்தப் புதுத் தோலும் வெளுக்கும். வெள்ளைப்படுதலோடு வரும் அழற்சி வெளுக்கும். புண் ஆறிவரும் இடமும் வெளுக்கும். இந்த எல்லைக்கோட்டில்தான் இந்தப் புற்றுநோயும் பெரும்பாலும் தொடங்குகிறது என்பது சங்கடத்தை இன்னும் கூட்டுகிறது.

பயிற்சி பெற்ற நர்ஸ் சில அடையாளங்களை வைத்துப் பிரிக்கிறார். எல்லைக்கோட்டை ஒட்டி, ஓரம் தெளிவாக, கெட்டியான வெள்ளையாக, சீக்கிரம் மறையாமல் நின்றால் பாசிட்டிவ். மங்கலாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக, கோட்டைவிட்டுத் தள்ளி இருந்தால் நெகட்டிவ். ஆனால் இது கண்ணின் தீர்ப்பு. பல்பு மஞ்சளாக இருந்தால் தீர்ப்பு மாறும். அமிலம் பழசாகி நீர்த்துப்போயிருந்தால் வெளுக்க வேண்டியது வெளுக்காது. காலையில் பத்தாவது ஆளைப் பார்க்கும் கண்ணும் மாலையில் அறுபதாவது ஆளைப் பார்க்கும் கண்ணும் ஒன்றில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்த எல்லைக்கோடே உள்ளே சுருங்கிப் போய்விடுவதால், 50 வயதுக்கு மேல் இந்தச் சோதனையின் பயன் குறைகிறது.

இவ்வளவு குறை இருக்கும் சோதனையை ஏன் செய்கிறார்கள் என்று சித்தியே கேட்டார். நியாயமான கேள்வி. பதில், அதன் வேலை வேறு.

ஆங்கிலத்தில் ஸ்கிரீனிங் என்கிறார்கள். தமிழில் முன்கூட்டிய சோதனை, கண்டறியும் முகாம் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்த சொல் சலிப்பது. ஒரு தொந்தரவும் இல்லாத ஆயிரம் பேரை நிற்க வைத்து, "இவர்களில் யாரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்?" என்று கேட்பது ஸ்கிரீனிங். "இவருக்கு என்ன இருக்கிறது?" என்பது நோயறிதல் சோதனையின் கேள்வி. முதல் கேள்விக்கு ஒரு நிமிடத்தில், சில ரூபாய் செலவில், கிராமத்து நர்ஸ் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவதற்கு ஒரு வாரம் ஆகட்டும், பரவாயில்லை. பதில் சரியாக இருக்க வேண்டும்.

சல்லடையின் கண்ணை எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதில்தான் சூட்சுமம். நோய் உள்ள ஒருவரைக்கூட விடக்கூடாது என்று நினைத்தால் நோயில்லாத பலரும் அதில் சிக்குவார்கள். நோயில்லாதவர் சிக்கவே கூடாது என்றால் நோய் உள்ளவர்கள் நழுவிவிடுவார்கள். ஸ்கிரீனிங் சோதனைகளை வகுத்தவர்கள் தெரிந்தே முதல் பக்கம் சாய்ந்தார்கள். தவறாகச் சிக்கியவரை அடுத்த சோதனையில் விடுவித்துவிடலாம், நழுவியவரைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம் என்பது அவர்களுடைய கணக்கு.

சித்திக்காக நான் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். எண்கள் விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்டவை.

ஒரு தொந்தரவும் இல்லாத 1,000 பெண்கள். அவர்களில் 10 பேருக்கு மெய்யாகவே சிகிச்சை தேவைப்படும் நிலை இருக்கிறது என்று வைப்போம். மீதி 990 பேருக்கு இல்லை. சோதனை அந்தப் பத்தில் 8 பேரைக் கண்டுபிடிக்கிறது, 2 பேரை விடுகிறது. நோயில்லாதவர்களிலும் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு காரணத்தால் வெளுக்கிறது. 990-இல் பத்தில் ஒன்று, 99 பேர். ஆக மொத்தம் பாசிட்டிவ் சீட்டு வாங்குபவர்கள் 107 பேர். அதில் உண்மையானவர்கள் 8. பதின்மூன்று சீட்டுக்கு ஒன்று.

"பத்துக்கு எட்டு சரியாச் சொல்ற சோதனைன்னா, எனக்கும் பத்துக்கு எட்டுதானே?" என்றார் சித்தி. படித்தவர்களும் விழும் குழி இது. பத்துக்கு எட்டு என்பது நோய் உள்ளவர்களை எண்ணிச் சொல்வது. சித்தி கேட்பது சீட்டு வாங்கியவர்களை எண்ணி. நோய் இல்லாத கூட்டம் அவ்வளவு பெரிதாக இருப்பதால், அதில் பத்தில் ஒரு பங்கு தவறாகச் சிக்கினாலே, உண்மையான எட்டுப் பேர் அந்தக் கும்பலில் காணாமல் போய்விடுகிறார்கள்.

இனி திண்டுக்கல். 2000-இல் தொடங்கி அந்த மாவட்டத்தின் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆகியவை சேர்ந்து நடத்தின. ஆய்வை முன்னின்று நடத்தியவர் ரெங்கசாமி சங்கரநாராயணன். ஊர்களை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்கு இந்த அமிலச் சோதனை. இன்னொரு பங்கில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும்.

சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். பாசிட்டிவ் ஆனவர்கள் 3,088 பேர், ஏறக்குறைய பத்தில் ஒருவர். அவர்களில் 3,052 பேருக்குக் கால்போஸ்கோபி செய்தார்கள். அதாவது நின்ற நிலையில் இருக்கும் ஒரு பூதக்கண்ணாடிக் கருவியால் அதே இடத்தைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பது. அந்தக் கட்டத்திலேயே சுமார் 500 பேருக்குச் சதை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்று தெரிந்துவிட்டது. 2,539 பேருக்குப் பயாப்ஸி எடுத்தார்கள். கடைசியில் முன்புற்று மாற்றம் இருப்பதாகத் தெரிந்தவர்கள் 1,874 பேர்.

அடேயப்பா, பாதிக்கு மேல் இருக்கிறதே என்று தோன்றும். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். அந்த 1,874-இல் பெரும்பாலானவை முதல் படி மாற்றங்கள், தானாகவே மறைந்துவிடக்கூடியவை. என் காலண்டர் கணக்கில் நான் எண்ணியது சிகிச்சை கட்டாயம் தேவைப்படும் மேல்படிகளை மட்டும். புற்றுநோயே இருந்தவர்கள் பாசிட்டிவ் ஆனவர்களில் மிகச் சிறிய பங்கு.

முடிவு 2007-இல் லான்செட் இதழில் வந்தது. சோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிடக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருவது 25 சதவீதம் குறைந்திருந்தது. அதனால் சாவது 35 சதவீதம் குறைந்திருந்தது. இத்தனை தவறான எச்சரிக்கை கொடுக்கும் ஒரு வினிகர் சோதனை உயிரைக் காப்பாற்றியது. பஞ்சும் அமிலமும் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பாசிட்டிவ் ஆன பெண்ணை நர்ஸ்கள் அதே வருகையிலேயே கால்போஸ்கோபியில் பார்த்தார்கள், தேவையானால் சதை எடுத்தார்கள், தகுந்தவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழித்தார்கள். சல்லடைக்குப் பக்கத்திலேயே முறம் இருந்தது.

கூர்ந்து படிக்கும் வாசகர் இங்கே ஒன்றைக் கேட்கலாம். பயாப்ஸி முடிவு வருவதற்கு முன்னாலேயே உறையவைத்தார்களே, அது நோயறிதலுக்கு முன் சிகிச்சை ஆகாதா? ஆகும். சில பெண்களுக்கு அது தேவையில்லாமலும் நடந்திருக்கும். குளிர்ச் சிகிச்சை மயக்க மருந்து வேண்டாத, சில நிமிடங்களில் முடிகிற, கர்ப்பப்பையைத் தொடாத சிறு சிகிச்சை. திரும்பி வராமலே போகக்கூடிய பெண்ணுக்கு அது லாபம் என்று கணக்கிட்டார்கள். என் பார்வையில் அந்தக் கணக்கு சரி. ஆனால் அது குளிர்ச் சிகிச்சையோடு நிற்க வேண்டும். பாசிட்டிவ் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு கர்ப்பப்பையை எடுப்பதற்கு இதை யாரும் சாட்சிக்கு அழைக்க முடியாது.

அது நடக்கவும் செய்கிறது. 'கர்ப்பப்பையில் புண் இருக்கிறது, விட்டால் கேன்சர் ஆகிவிடும், எடுத்துவிடுவது நல்லது' என்ற மூன்று வாக்கியங்களைக் கேட்காத கிராமத்துக் குடும்பம் குறைவு. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கரில் தேவையில்லாமல் கர்ப்பப்பை நீக்கம் செய்ததாக எழுந்த புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2023-இல் நீதிமன்றம், இதைத் தடுக்க வகுக்கப்பட்ட வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

அவசரப்பட்டு எடுப்பதில் இரண்டு பக்கமும் நஷ்டம் இருக்கிறது. அங்கே இருந்தது வெறும் அழற்சி என்றால், ஒரு பெண் நாற்பது வயதில் காரணமே இல்லாமல் ஒரு பெரிய அறுவையைத் தாங்குகிறார். அங்கே இருந்தது உண்மையிலேயே பரவத் தொடங்கிய புற்றுநோய் என்றால், இன்னும் மோசம். அந்த நிலைக்குச் சாதாரணக் கர்ப்பப்பை நீக்கம் போதாது. சுற்றியுள்ள திசுவையும் சேர்த்து எடுக்கும் பெரிய அறுவையோ கதிர்வீச்சோ வேண்டும். முதலில் தெரியாமல் வெட்டிவிட்டால், பிறகு சரியான சிகிச்சையைக் கொடுப்பதே சிக்கலாகிவிடும். சதை எடுத்துப் பார்க்காமல் செய்யும் அறுவை நோயில்லாதவரையும் காயப்படுத்துகிறது, நோய் உள்ளவரையும் கைவிடுகிறது.

சித்தியை நான் மாவட்டத் தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கால்போஸ்கோபி அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த பெண்களின் முகத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது போலிருந்தது. ஒருவர் பையில் மாற்றுப் புடவையும் தட்டும் டம்ளரும் கொண்டுவந்திருந்தார். அட்மிட் செய்துவிடுவார்கள் என்று நினைத்தாராம்.

உள்ளே நடந்ததைப் பிறகு அந்த மருத்துவர் எனக்குச் சொன்னார். முதலில் அதே அமிலம், ஆனால் இம்முறை பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் வழியாக. வெளுத்த இடத்தின் ஓரம் எப்படி இருக்கிறது, உள்ளே சின்ன ரத்தக் குழாய்கள் புள்ளியாகவோ கட்டமாகவோ தெரிகின்றனவா என்று பார்க்கிறார்கள். அடுத்து அயோடின் பூசுகிறார்கள். நல்ல செல்லில் மாவுச்சத்து போன்ற கிளைகோஜன் இருக்கும். அது அயோடினை இழுத்துக் காப்பிப் பொடி நிறத்துக்கு மாறும். மாற்றமடைந்த செல்லில் கிளைகோஜன் குறைவு, மஞ்சளாகவே நிற்கும். சித்திக்கு ஓரிடம் மஞ்சளாக நின்றது. அங்கிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர், ஒரு துவரம்பருப்பைவிடச் சின்னதாகச் சதை எடுத்தார்கள். "கிள்ளின மாதிரி இருந்துச்சு" என்றார் சித்தி. ஒரு சின்னப் புட்டியில், ஃபார்மலின் திரவத்தில், பெயரும் எண்ணும் எழுதிப் போட்டார்கள்.

இதுவரை நடந்த எல்லாமே மேலே தெரிந்த நிறத்தைப் பார்த்துச் செய்த ஊகம். நோயறிதல் அந்தப் புட்டியில்தான் தொடங்குகிறது.

ஆய்வகத்தில் அந்தத் துணுக்கை மெழுகில் பதிக்கிறார்கள். பிறகு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, நீலமும் இளஞ்சிவப்பும் ஏற்றுகிறார்கள். நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கும்போது கர்ப்பப்பை வாயின் தோல் குறுக்குவெட்டில் தெரியும். ஆரோக்கியமான தோலில் அடி வரிசையில் உருண்டையான இளம் செல்கள். மேலே போகப்போக அவை முதிர்ந்து தட்டையாகிப் பாய் விரித்தது போலப் படுத்துக்கிடக்கும். இந்த ஒழுங்கு எந்த உயரம்வரை கெட்டிருக்கிறது என்று அவர் பார்க்கிறார். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை கெட்டிருந்தால் சி.ஐ.என். 1. மூன்றில் இரண்டு பங்கு என்றால் சி.ஐ.என். 2. அதற்கும் மேல், முழுக் கனமும் கெட்டிருந்தால் சி.ஐ.என். 3.

இந்த மூன்றில் எதுவும் புற்றுநோய் இல்லை. தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு, வயலுக்கு வரப்புபோல ஓடுகிறது. கெட்ட செல்கள் வரப்புக்கு இந்தப் பக்கம் எவ்வளவு அடர்ந்திருந்தாலும் அது முன்புற்று நிலைதான். வரப்பை உடைத்து அந்தப் பக்கம் இறங்கியிருந்தால் புற்றுநோய். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று ஒரு மருத்துவர் கையெழுத்துப் போடுவது இந்த வரப்பு உடைந்ததைப் பார்த்துத்தான். ஆரம்பநிலையில் எந்த ஸ்கேனும், எந்த ரத்தச் சோதனையும், எந்தக் கண்ணும் இதைக் காட்டாது.

முதல் படி பெரும்பாலும் தானாகவே மறையும் என்றேன். மூன்றாம் படியின் கதை வேறு. அதைச் சிகிச்சையில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது உலகத்துக்குத் தெரிந்ததே ஒரு வெட்கக்கேடான சம்பவத்தால். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர், இந்த நிலை புற்றுநோயாக மாறாது என்ற நம்பிக்கையில், பல பெண்களுக்குச் சரியான சிகிச்சை கொடுக்காமல் வெறுமனே கண்காணித்துவந்தார். பின்னாளில் அந்தப் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 30 ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. விட்டுவிடக்கூடாது என்பதற்கு அது ஆதாரம். அதே சமயம், மிக மோசமான படியிலிருந்துகூட வரப்பு உடையப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதற்கும் அதுவே ஆதாரம். பாசிட்டிவ் சீட்டு வாங்கிய பெண்ணுக்குப் பயாப்ஸிக்குக் காத்திருக்க நேரம் இருக்கிறது.

பயாப்ஸியும் கடவுள் வாக்கு கிடையாது. தப்பான இடத்தில் கிள்ளினால் தப்பான பதில் வரும். மாற்றம் உட்குழாய்க்குள் ஒளிந்திருந்தால் மேலே எடுத்த துணுக்கில் தெரியாது. ஒரே சில்லைப் பார்க்கும் இரண்டு நிபுணர்கள் முதல் படியா இரண்டாம் படியா என்பதில் வேறுபடுவது உண்டு. கண்ணில் பட்டது மோசமாக இருந்து, பயாப்ஸி ஒன்றுமில்லை என்று சொன்னால், நல்ல மருத்துவர் அதோடு விடமாட்டார். இன்னொரு துணுக்கு எடுப்பார், அல்லது மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியையே சீவியெடுத்து முழுதாக அனுப்புவார்.

இப்போது வினிகர் சோதனைக்குப் பதிலாக எச்.பி.வி. வைரஸ் சோதனை வந்துகொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதைத்தான் முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், ஒரே ஒரு முறை அதைச் செய்ததிலேயே சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நல்ல சோதனை. ஆனால் அதுவும் ஸ்கிரீனிங்தான். பாசிட்டிவ் என்றால் வைரஸ் வந்து தங்கியிருக்கிறது என்று மட்டுமே பொருள். பெரும்பாலான பெண்களின் உடம்பு இரண்டு வருடத்துக்குள் அதைத் துரத்திவிடும்.

நெகட்டிவ் சீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். என் கணக்கில் நெகட்டிவ் வாங்கியவர்கள் 893 பேர். அதில் இரண்டு பேருக்கு நோய் இருந்தது, ஏறக்குறைய 450-க்கு ஒன்று. இதே சோதனையை வேறொரு கூட்டத்துக்குச் செய்வோம். உறவுக்குப் பின் ரத்தம் வருகிறது, மாதவிடாய் நின்றபின் ரத்தம் படுகிறது என்று வந்த 1,000 பெண்கள். இவர்களில் 100 பேருக்கு நோய் என்று வைத்தால், சோதனை 80 பேரைப் பிடிக்கும், 20 பேரை விடும். நோயில்லாத 900 பேரில் 810 பேர் நெகட்டிவ். ஆக நெகட்டிவ் சீட்டு 830, அதில் 20 பேருக்கு நோய். நாற்பதுக்கு ஒன்று. சோதனை அதே, அமிலம் அதே, கை அதே. வந்த ஆள் மாறியதால் சீட்டின் பொருள் மாறிவிட்டது.

அதனால் ரத்தம் படும் பெண் முகாம் வரிசையில் நிற்கவே கூடாது. அவர் நேராக மகளிர் மருத்துவரிடம் போக வேண்டியவர். போன மாதம் நெகட்டிவ் என்று எழுதிக்கொடுத்தார்களே என்று அவர் வீட்டில் இருந்துவிடுவது, பாசிட்டிவ் சீட்டைப் பார்த்து அழுவதைவிடப் பெரிய ஆபத்து.

வேறு புற்றுநோய்களுக்கும் இதே இலக்கணம்தான், எழுத்துகள் மட்டும் மாறும். முக்கியமாக, 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜுகளில் இலவச இணைப்புபோலச் சேர்க்கப்படும் ரத்தச் சோதனைகள். சி.ஏ. 125 என்ற எண் சூலகப் புற்றுநோயில் கூடும். மாதவிடாய் நாட்களிலும் கூடும், வயிற்றுக் காசநோயிலும் கூடும். ஆண்களுக்கான பி.எஸ்.ஏ. வயதோடு வரும் சாதாரணப் புராஸ்டேட் வீக்கத்திலும் சிறுநீர்த் தொற்றிலும் ஏறும். ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணுக்குச் சி.ஏ. 125 பார்ப்பது ஸ்கிரீனிங்காகக்கூடத் தேறாத காரியம். அச்சிட்ட தாளில் சிவப்பு எழுத்தில் ஓர் எண்ணைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள், அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் தூங்குவதில்லை.

சித்தியின் ரிப்போர்ட் பத்தாவது நாள் வந்தது. நாள்பட்ட அழற்சி, புதுத் தோல் உருவாகும் மாற்றம், முன்புற்று மாற்றம் எதுவும் இல்லை. மருத்துவர் அழற்சிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து, ஒரு வருடம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார். சித்தி ரிப்போர்ட்டை மடித்து ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் வைத்தார். பழைய பாசிட்டிவ் சீட்டைக் கிழிக்கப் போனவரைத் தடுத்தேன். அடுத்த வருடம் பார்க்கும் மருத்துவருக்கு இரண்டும் வேண்டும்.

தட்டும் டம்ளருமாக வந்த அந்த அம்மா அன்று மாலையே பஸ் ஏறிவிட்டார். சோதனைக்குப் போய்வந்த உங்கள் வீட்டுப் பெண்ணின் கையில் பாசிட்டிவ் சீட்டு இருந்தால், அங்கேயே, நர்ஸிடமே இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கால்போஸ்கோபி எங்கே, எந்தக் கிழமை? பயாப்ஸி எடுத்தால் ரிப்போர்ட் என்றைக்கு வரும்? அந்த ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்க்கும்வரை, கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதம் கேட்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.